எட்டுப் பேர் உலையில் எல்டிஎல்-லைக் குறைப்பது: ஒரு நாகர்கோவில் வீட்டின் வாரச் சமையல்

அலுவலகத்தில் வருடா வருடம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 148 என்று வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "பார்டர்லைன்தான், சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்து மூன்று மாதம் கழித்து வாங்க" என்று அனுப்பிவிட்டார். சாப்பாட்டில் கொழுப்பைக் குறைப்பது தனியாக இருப்பவருக்குச் சுலபம். எங்கள் வீட்டில் மாமா, அத்தை, கணவர், கொழுந்தன், அவர் மனைவி, என் பிள்ளைகள் இரண்டு பேர், நான் என்று எட்டுப் பேர். காலைச் சமையல் என் பொறுப்பு, எட்டரைக்குப் பஸ். எனக்கென்று தனியாக ஒரு ஓட்ஸ் கஞ்சி, ஒரு சாலட் என்று செய்வதெல்லாம் நான்கு நாளைக்குத்தான் ஓடும். எனக்கு மூன்று நாளில் நின்றுபோனது.

அதனால் இந்தக் கட்டுரை தனிச் சமையலைப் பற்றியது இல்லை. ஒரே உலை, ஒரே குழம்புச் சட்டி, அதில் எதை எந்த இடத்தில் மாற்றினால் வீட்டில் சண்டை வராமல் எண் இறங்கும் என்பதைப் பற்றியது. நான் சொல்வது நாகர்கோவில் சமையல். தேங்காயும் தேங்காய் எண்ணெயும் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் இறங்காது. உங்கள் ஊரில் அந்த இடத்தில் நெய்யோ பாமாயிலோ இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

முதலில் தாளைச் சரியாகப் படியுங்கள்

எல்டிஎல் 130 முதல் 159 வரை இருந்தால் அதைத்தான் பார்டர்லைன் என்கிறார்கள். 160-க்கு மேல் போனால் அதிகம். 190-ஐத் தாண்டினால் அது சமையலறையில் தீர்கிற விஷயம் இல்லை, மருந்து பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். அதேபோல, 140 என்றாலும் சர்க்கரை இருப்பவருக்கும், ஏற்கெனவே நெஞ்சுவலி வந்தவருக்கும், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்த வீட்டுப் பெண்ணுக்கும் அது "சும்மா பார்டர்லைன்" கிடையாது. அவர்கள் இலக்கே வேறு.

பெண்கள் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்டிஎல் தானாக ஏறும். அப்போது தேங்காயைக் குறைத்து ஒரு வருடம் கஷ்டப்பட்டும் எண் அசையாது. ஒரு டிஎஸ்எச் பரிசோதனை எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். மாதவிடாய் நிற்கும் வயதிலும் எண் கொஞ்சம் ஏறுவது வழக்கம். கர்ப்பமாக இருக்கும்போது எடுத்த எண்ணை வைத்து முடிவு எதுவும் எடுக்கக் கூடாது.

என் தாளில் இருந்தது இவ்வளவு: மொத்தக் கொலஸ்ட்ரால் 226, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 50, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 140, எல்டிஎல் 148. இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்டிஎல்-லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் ஒரு தப்புச் செய்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள்

எல்டிஎல்-லை ஏற்றுவதில் பெரிய பங்கு, தேங்காய், நெய், பால் இவற்றின் கொழுப்பில் நிறைய இருக்கும் நிறைகொழுப்புக்கு. முட்டையின் கொலஸ்ட்ராலைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு நாம் இதைப் பற்றி நினைப்பதில்லை. ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிற, எல்டிஎல் ஏறிய பெண்ணுக்கு நிறைகொழுப்பு சுமார் 14 கிராமுக்குள் இருக்க வேண்டும். மொத்தக் கலோரியில் 7 சதவீதம் என்பது அந்தக் கணக்கு.

வீட்டில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒவ்வொருவர் தட்டையும் எடை போட வேண்டாம். வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பார்த்தால் போதும். சமையலறைக் காலண்டரில் ஒரு வாரம் மூன்றே மூன்று விஷயம் குறித்தேன்: எத்தனை தேங்காய் உடைத்தோம், எண்ணெய் எவ்வளவு தீர்ந்தது, பால் எந்தப் பாக்கெட், எத்தனை.

தேங்காய் தினம் ஒன்றரை. நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவி எடை போட்டேன், கிட்டத்தட்டக் கால் கிலோ வந்தது. துருவலில் 100 கிராமுக்கு 30 கிராம் நிறைகொழுப்பு. ஒன்றரைத் தேங்காயை எட்டாக வகுத்தால் ஆளுக்கு 47 கிராம் துருவல், அதில் 14 கிராம் நிறைகொழுப்பு. அதாவது, எண்ணெயும் பாலும் தொடுவதற்கு முன்பே என் ஒருநாள் கோட்டா தேங்காயிலேயே முடிந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய் மாதம் 5 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 19 கிராம், அதில் 16 கிராமுக்குக் குறையாமல் நிறைகொழுப்பு. பால் தினம் 2 லிட்டர், ஆவின் பச்சை. அது 4.5 சதவீதக் கொழுப்பு, ஆளுக்குக் கால் லிட்டர் என்றால் அதில் நிறைகொழுப்பு 7 கிராம். மூன்றையும் கூட்டினால் 37. இருக்க வேண்டியது 14.

இந்தக் கணக்கை மாமாவிடம் காட்டியபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அம்மா தேங்காயத் தின்னுட்டுதான் தொண்ணூறு வரைக்கும் இருந்தா" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஆச்சி வீட்டில் எண்ணெயைக் கிண்ணத்தில் அளந்துதான் கொடுப்பார்களாம், இது அத்தை சொன்னது. தேங்காய் எச்டிஎல்-லையும் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மை. அதற்காக எல்டிஎல்-லை ஏற்றாமல் விடுவதில்லை.

மூன்று குழாயை மட்டும் திருகுங்கள்

பத்து விதி போட்டால் ஒன்றும் நடக்காது. நான் மாற்றியது எண்ணெய், தேங்காய், பால் மட்டும்.

எண்ணெயில், மாதச் சாமான் பட்டியலையே மாற்றினேன். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்ற கணக்கில் எட்டுப் பேருக்கு 4 லிட்டர். அதில் 3 லிட்டர் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும், 1 லிட்டர் தேங்காய் எண்ணெய். தாளிப்பு, வதக்கல், தோசைக்கல் எல்லாம் கடலை எண்ணெய். தேங்காய் எண்ணெய், மணம் வேண்டிய இடத்தில் மட்டும்: அவியல் இறக்கும்போது மேலே ஊற்றுகிற பச்சை எண்ணெய், மரச்சீனிக் கிழங்கு மசியல், மீன் குழம்பின் கடைசி ஒரு கரண்டி. சூடாக்கினால் மணம் போய்விடும், பச்சையாகக் கடைசியில் ஊற்றினால் ஒரு தேக்கரண்டியே சட்டி முழுக்க மணக்கும். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் இதுதான். எண்ணெய் பாட்டிலில் இருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதையும் நிறுத்தினேன். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் அன்றைக்கு உள்ளதைக் காலையிலேயே எடுத்து வைத்துவிடுவேன். அரை டம்ளர், 130 மில்லி. சாயங்காலம் டம்ளர் காலியாக இருந்தால் இரவு ஆவியில் வேகிற சமாச்சாரம்.

பாலில் பச்சையில் இருந்து நீலத்துக்கு மாறினோம். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். அத்தைக்கு முதலில் மனசில்லை. தயிர் தண்ணீராக உறையும் என்றார், அது உண்மைதான். பாலை நன்றாகக் கொதிக்க வைத்துப் பத்து நிமிடம் சுண்டவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றினால் கெட்டியாக வருகிறது. பக்கத்து வீட்டுப் பசும்பால் வாங்குகிறவர்கள் காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் மேலே படிந்த ஆடையை எடுத்துவிடலாம். எடுத்த ஆடையை நெய்யாக உருக்கி அதே வாரம் நீங்களே சாப்பிட்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும், அது வேறு விஷயம். இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அதற்குக் கொழுப்புக் குறைத்த பால் வேண்டாம், தனிப் பாக்கெட் வாங்குங்கள்.

தேங்காய்தான் கஷ்டம். அதற்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: ஒரு நாளைக்கு ஒரு தேங்காய்க் கறிதான், அதற்கு அரைத் தேங்காய்தான். காலைச் சட்னிக்குத் தேங்காய் என்றால் மதியம் துவரன் என்கிற பொரியலுக்குத் தேங்காய் இல்லை. மதியம் அவியல் என்றால் காலையில் உள்ளிச் சட்னி, அதாவது வெங்காயச் சட்னி.

இந்த மூன்றையும் செய்த பிறகு அதே கணக்கைத் திரும்பப் போட்டால் தேங்காயில் 4.7, தேங்காய் எண்ணெயில் 3.4, மற்ற எண்ணெயில் 2, பாலில் 4.7. ஆளுக்கு 15 கிராம் கிட்ட வருகிறது. 37-ல் இருந்து 15. யாருக்கும் தனிச் சமையல் செய்யவில்லை.

தேங்காயைக் குறைத்துத் தீயல் வைப்பது

தீயல் என்பது எங்கள் ஊரில் தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற புளிக்குழம்பு. இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ருசி போனால் திட்டமே போய்விடும்.

எட்டுப் பேருக்கு உள்ளித் தீயலுக்கு எங்கள் வீட்டில் முழுத் தேங்காய் போகும். இப்போது கால் தேங்காய், அதாவது இரண்டு கைப்பிடித் துருவல். அதோடு கொத்தமல்லி விதை நான்கு மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் எட்டு, மிளகு அரைத் தேக்கரண்டி, துவரம் பருப்பு ஒரு மேசைக்கரண்டி. வறுக்க எண்ணெய் வேண்டாம், தேங்காயில் இருந்தே எண்ணெய் கசியும். அடி கனமான சட்டியில், அடுப்பைக் குறைத்து வைத்து, முதலில் பருப்பும் மல்லியும், பிறகு தேங்காய்.

எதுவரை வறுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொன்னிறத்தில் இறக்கினால் குழம்பு சப்பென்று இருக்கும், அதைச் சரிக்கட்ட இன்னும் தேங்காய் போடத் தோன்றும். கருப்பட்டி நிறம் வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். புகை வந்து விளிம்பு கறுத்தால் கசந்துவிடும், அந்த விநாடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும், சட்டிச் சூட்டில் விடக் கூடாது. இந்த நிறத்தில் இறக்கிய கால் தேங்காய், பொன்னிறத்தில் இறக்கிய முழுத் தேங்காயை விட மணமாக இருக்கும்.

கெட்டித்தன்மைக்கு, வதக்கிய சின்ன உள்ளியில் பத்தை எடுத்து வறுத்த மசாலாவோடு சேர்த்து அரைத்துவிடுங்கள். புளித் தண்ணீரில் கொதித்ததும் குழம்பு திரண்டு வரும். முதல் தடவை அத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "தேங்கா கொறச்சியோ மக்ளே?" என்று கேட்டார். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

துவரனுக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. துருவல் போடுகிற இடத்தில், ஊறவைத்து மலர வேகவைத்த சிறுபருப்பு ஒரு கைப்பிடி. பீன்ஸ், அவரை, முட்டைகோஸ் மூன்றுக்கும் சேரும். முருங்கைக்கீரைக்கு அவ்வளவு சேராது, அதற்குப் பொடித்த வறுகடலை நன்றாக இருக்கும்.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது

நான் செய்த தப்பு இங்கேதான். முதல் மூன்று மாதம் தேங்காயையும் எண்ணெயையும் குறைத்தேன். வயிறு நிறையவில்லை, அதனால் ஒரு கரண்டி சோறு கூட, இரவு மரச்சீனிக் கிழங்கு கூட, சாயங்காலம் டீயோடு பிஸ்கட். மறு பரிசோதனையில் எல்டிஎல் 136-க்கு இறங்கியிருந்தது. சந்தோஷமாகத் தாளை மடித்தவள் அடுத்த வரியைப் பார்த்தேன், ட்ரைகிளிசரைடு 140-ல் இருந்து 180 ஆகியிருந்தது. எச்டிஎல் 46-க்கு இறங்கியிருந்தது. கொழுப்பை எடுத்த இடத்தில் மாவுச்சத்தை வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த இடத்தில் வைக்க வேண்டியது பயறும் காயும். பயறு, அவரை, வெண்டை, கத்தரி, ஓட்ஸ், பார்லி இவற்றில் தண்ணீரில் கரைகிற நார்ச்சத்து இருக்கிறது. அது குடலில் கூழ் மாதிரி ஆகிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. போன பித்தத்தைத் திரும்பச் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதை ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்-லில் இருந்து எடுத்துக்கொள்கிறது. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுகிற வழுவழுப்பு இந்த வகை நார்தான். அதனால் வெண்டையை எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து வழுவழுப்பைப் போக்குவதை விட, புளிக்குழம்பில் போடுவது நல்லது.

எட்டுப் பேருக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ பயறு, உலர்ந்த எடையில், இட்லி மாவு உளுந்தைச் சேர்க்காமல். இதுதான் இலக்கு. முதல் நாளே கால் கிலோ போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மாமாவுக்கு வயிறு ஊதி, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. 100 கிராமில் தொடங்கி மூன்று வாரத்தில் ஏற்ற வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள், பூண்டும் பெருங்காயமும் தாராளமாகப் போடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் வீட்டில் இருந்தால், சோறு குறைந்து பயறு கூடும்போது அவர் சர்க்கரை அளவு இறங்கலாம். அந்த வாரம் கொஞ்சம் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அது வேலை செய்யும், ஆனால் அரைக் கிண்ணம் ஓட்ஸில் பெரிய மாற்றம் வராது. தினம் 70, 80 கிராம் தேவைப்படும். எங்கள் வீட்டில் ஓட்ஸ் உப்புமா செய்த அன்றைக்குக் கொழுந்தன் வெளியே போய்ப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார். இப்போது ஓட்ஸைப் பொடித்துத் தோசை மாவில் நாலில் ஒரு பங்கு கலந்துவிடுகிறேன். அது ஓட்ஸ் என்று சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்

வாரப் பட்டியல் நிற்பதும் விழுவதும் ஞாயிறு சாயங்காலத்தில்தான். அன்றைக்கு மாவு அரைக்கிறேன், ஒரு தேக்கரண்டிக்குப் பதில் இரண்டு தேக்கரண்டி வெந்தயம் போட்டு. கொண்டைக்கடலையும் சிறுபயறும் காலையிலேயே ஊறப் போட்டிருப்பேன். இரண்டையும் தனித்தனியாக வேகவைத்து, ஆறியதும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் புதன் வரை வரும். அதற்கு மேல் வைக்க வேண்டாம், புதன் இரவு இன்னொரு தடவை ஊறவைப்பது நல்லது. தீயலுக்கு வறுத்த மசாலாவை விழுதாக அரைக்காமல் பொடியாக வைத்துக்கொள்கிறேன். இரண்டரைத் தேங்காயைத் துருவி ஐந்து சின்ன டப்பாவில் அரை அரையாகப் பிரித்து ஃப்ரீசரில் வைக்கிறேன், வெள்ளி வரைக்கும். டப்பா தீர்ந்தால் அன்றைக்குத் தேங்காய் தீர்ந்தது. யாரிடமும் வாதாட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது இந்த டப்பாவால்தான்.

வாரம் எப்படிப் போகிறது

திங்கள் காலை இட்லி, பருப்பு கூடுதலாகப் போட்ட சாம்பார், உள்ளித் தக்காளிச் சட்னி. மதியம் சம்பா அரிசிச் சோறு, உள்ளித் தீயல், சிறுபருப்பு போட்ட அவரைக்காய்த் துவரன், மோர். கால் தேங்காய் தீயலுக்குப் போக மீதிக் கால் செவ்வாய்க்கு வரும். இரவு பயறு கஞ்சி. அரிசி ஒரு பங்கு, சிறுபயறு ஒரு பங்கு என்று போடுகிறேன். முன்பு மூன்றுக்கு ஒன்று போடுவோம்.

செவ்வாய் புட்டும் கடலைக் கறியும். புட்டில் அடுக்குக்கு அடுக்குத் தேங்காய் வைப்பார்கள், நான் மேலேயும் கீழேயும் மட்டும் வைக்கிறேன், கடலைக் கறியில் தேங்காய் அரைப்பதில்லை. வேகவைத்த கடலை ஒரு கைப்பிடியை மசித்துச் சேர்த்தால் கறி கெட்டியாகும். மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரை, பருப்பு. இரவு தோசை.

புதன் காலை அந்த ஓட்ஸ் தோசை, கொள்ளுத் துவையல். மதியம் சாளை மீன் புளிமுளம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, தேங்காய் அரைக்காமல் மல்லி, மிளகாய், புளி, உள்ளியில் வைக்கிற மீன் குழம்பு. தேங்காய் அரைத்த மீன் குழம்பை விட இதுதான் மறுநாள் ருசி. சாளையில் நல்ல கொழுப்பு இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. ஆனால் அதையே மாவில் புரட்டி எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தால் நோக்கம் கெட்டுப்போகும். தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் போட்டு எடுங்கள். அன்றைக்குத் தேங்காய் டப்பா அநேகமாகத் திறப்பதே இல்லை.

வியாழன் காலை இட்லி, வறுகடலைச் சட்னி. மதியம் தடியங்காய்ப் புளிசேரி, அன்றைய தேங்காய் அதற்கு. கூடவே பீன்ஸ். இரவு சப்பாத்தி, சிறுபயறுக் கறி.

வெள்ளி சைவம். அவியல் இல்லாமல் அத்தைக்கு வெள்ளிக்கிழமை விடியாது. அவியல் நமக்கு எதிரி இல்லை, அதில் காய்தான் முக்கால்வாசி. அரைத் தேங்காயை நைசாக அரைக்காமல் கொரகொரப்பாகச் சிதைத்துப் போட்டால் வாயில் தேங்காய் தட்டுப்படும், நிறையப் போட்ட மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய். பருப்புக்கு நெய்யைச் சட்டியில் ஊற்றாமல் கிண்ணத்தில் மேசையில் வைக்கிறேன். வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்கிறார்கள், நான் கிண்ணத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

சனி மிச்சம் மீதி நாள். கூட்டாஞ்சோறு வைத்தால் ஃப்ரிட்ஜில் கிடக்கும் காயெல்லாம் தீர்ந்துவிடும். ஞாயிறு கோழி. தோலை உரித்துத்தான் வாங்குவது. வறுத்தரைத்த மசாலாவுக்குத் தீயல் கணக்கேதான். குழம்பு ஆறியதும் மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கி, என் பங்கை அடியில் இருந்து எடுத்துக்கொள்வேன். மாதம் ஒரு ஞாயிறு ஆட்டுக்கறி, அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு எனக்கு இரண்டு துண்டு.

தட்டிலும் அலுவலகத்திலும்

சமையல் பொது என்றாலும் தட்டு என்னுடையது. நான் முதலில் துவரனையும் பயறையும் தட்டில் பாதி நிரப்பிக்கொண்டு அதன் பிறகுதான் சோறு போடுகிறேன், இரண்டு கரண்டி. சோற்றை முதலில் போட்டால் காய்க்கு இடம் இருக்காது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். டிபன் பாக்ஸில் பெரிய தட்டு காய்க்கு, சின்னது சோற்றுக்கு என்று மாற்றியது இன்னும் சுலபமாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணி டீதான் பொறி. எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் பழ பஜ்ஜியோ ரசவடையோ வாங்கி வந்துவிடுவார், இல்லாவிட்டால் பேக்கரி பஃப்ஸ். வீட்டில் அளந்து அளந்து மிச்சம் பிடித்ததை ஒரு பஃப்ஸ் தின்றுவிடும். மேசை டிராயரில் வறுத்த கடலையும் தோலோடு நிலக்கடலையும் வைத்திருக்கிறேன், ஒரு கைப்பிடி, அதோடு ஒரு மட்டிப்பழம். ஏத்தங்காய்ச் சிப்ஸ் வீட்டுக்குள் வந்தால் நிற்காது, அதனால் அதைக் கால் கிலோவாக வாங்காமல் பிள்ளைகளுக்குச் சின்னப் பாக்கெட்டாக வாங்குகிறோம். பில்டர் காபி குடிக்கிறவர்கள் ஒன்று கவனிக்கலாம்: எல்டிஎல்-லை ஏற்றுகிற எண்ணெய்ப் பொருள் காபித்தூளில் இருக்கிறது, காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், நம் எவர்சில்வர் பில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. ஒரு நாளைக்கு நாலைந்து டம்ளர் குடிக்கிறவர் இரண்டாகக் குறைத்துப் பார்க்கலாம்.

கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஓணம், பொங்கல் பாயசம் இவற்றுக்கு நான் விதி எதுவும் வைக்கவில்லை. பருப்பு, சாம்பார், அவியல், புளிசேரி, பாயசம் எல்லாம் சாப்பிடுவேன். மறுநாள் பயறு கஞ்சி. ஆனால் பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்து எண்ணை ஏமாற்றாதீர்கள். வழக்கமாக எப்படிச் சாப்பிடுகிறோமோ அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போய் எடுங்கள்.

எண் இறங்குகிறதா என்று எப்படித் தெரியும்

எல்டிஎல் உடம்பில் வலியோ தலைசுற்றலோ காட்டாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சாப்பாட்டு மாற்றத்தின் பலன் ஆறு வாரத்தில் இருந்து மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும், அதற்கு முன்னால் எடுப்பது காசுக்குக் கேடு. முடிந்தவரை ஒரே ஆய்வகம், அதே மாதிரி வெறும் வயிறு. அப்படி எடுத்தாலும் ஐந்து புள்ளி ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம், அதற்காக அத்தையிடம் பெருமையும் பேச வேண்டாம், வருத்தமும் பட வேண்டாம். காய்ச்சல் வந்த பத்து நாளைக்குள் எடுத்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டிய அடுத்த மூன்று மாதத்தில் என் எண்: மொத்தம் 201, எச்டிஎல் 48, ட்ரைகிளிசரைடு 130, எல்டிஎல் 127. 148-ல் இருந்து 14 சதவீதம் குறைந்திருக்கிறது. சமையலால் மட்டும் கிடைப்பது பெரும்பாலும் இந்த அளவுதான், பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர் எண் இறங்கியதும் தானாக நிறுத்தக் கூடாது, இறங்கியதே மாத்திரையால் இருக்கலாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒரு புள்ளிகூட அசையவில்லை என்றால் முதலில் எண்ணெய் டம்ளரையும் தேங்காய் டப்பாவையும் ஒரு வாரம் திரும்ப எண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி எண்ணியபோதுதான், நான் பஸ் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு இன்னொரு தேங்காய் உடைபடுவது தெரிந்தது. அந்தக் கணக்கும் சரியாக இருந்து எண் மட்டும் நின்றால், தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.